பெனிசிலின் ஆகாது என்றால் செஃபலோஸ்போரினும் ஆகாதா?

முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்கு வந்திருக்கும் 55 வயதுப் பெண் ஒருவரை நினைத்துக்கொள்வோம். கேஸ் ஷீட்டின் தலைப்பில் சிவப்பு மையில் 'பெனிசிலின் அலர்ஜி' என்று எழுதியிருக்கிறது. இந்த அறுவைக்கு, கத்தி வைப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் செஃபசோலின் 2 கிராம் ஊசி போடுவது வழக்கம். தோலில் வாழும் கிருமிகள் புதிய மூட்டில் குடியேறாமல் அது தடுக்கும். ஆனால் செஃபசோலின், செஃபலோஸ்போரின் குடும்பத்து மருந்து, பெனிசிலினுக்கு உறவு. அதனால் சிவப்பு மையைப் பார்த்ததும் பலர் அதைத் தவிர்த்து, வான்கோமைசின் அல்லது கிளிண்டாமைசினுக்குப் போய்விடுகிறார்கள்.

எச்சரிக்கை என்று நினைத்துச் செய்யும் இந்த மாற்றத்தால் நோயாளிக்குத்தான் நட்டம். இப்படி முத்திரை குத்தப்பட்டவர்களுக்கு அறுவைப் புண்ணில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு என்று 2018-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. காரணம் அவர்கள் உடம்பு அல்ல, மாற்றிப் போட்ட மருந்து. வான்கோமைசினை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக மெதுவாக ஏற்ற வேண்டும். அது உடம்பில் முழுதாகச் சேருமுன்பே அறுவை தொடங்கிவிடுவதும் உண்டு.

இரண்டு குடும்பத்துக்கும் பொதுவானது பீட்டா லாக்டம் என்ற நான்கு மூலை வளையம். ஒவ்வாமைக்குக் காரணம் இந்த வளையமே என்றுதான் முன்பு நினைத்தார்கள். ஆனால் உடம்புக்குள் போனதும் செஃபலோஸ்போரினின் வளையங்கள் சிதைந்துபோகின்றன. நோய் எதிர்ப்பு அணுக்கள் அடையாளம் காண மிஞ்சுவது பெரும்பாலும் வளையத்தோடு ஒட்டியிருந்த பக்கச்சங்கிலிதான். ஒரே பக்கச்சங்கிலி இரண்டு மருந்துகளில் இருந்தால், ஒன்றுக்குச் சினந்த உடம்பு மற்றதற்கும் சினக்கலாம். சங்கிலி வேறாக இருந்தால் அந்த அபாயம் மிகக் குறைவு.

'பத்துப் பேரில் ஒருவருக்கு ஆகாது' என்ற பழைய கணக்கு எங்கிருந்து வந்தது? ஆரம்ப கால செஃபலோஸ்போரின்களில் பெனிசிலினின் சுவடு கலந்திருந்தது. இரண்டுமே பூஞ்சையிலிருந்து எடுத்தவை. போதாக்குறைக்கு, அன்றைய செஃபலோதின், செஃபலோரிடின் ஆகியவற்றின் பக்கச்சங்கிலி பழைய பெனிசிலின் ஊசியின் சங்கிலியைப் போலவே இருந்தது. மருந்துகள் மாறிவிட்டன, கணக்கு மட்டும் மாறாமல் பாடப்புத்தகங்களில் தங்கிவிட்டது.

இன்று பார்க்க வேண்டிய ஜோடிகள் சில மட்டுமே. அமாக்சிசிலினுக்கும் செஃபட்ராக்சிலுக்கும் ஒரே பக்கச்சங்கிலி. ஆம்பிசிலினுக்கும் செஃபலெக்சின், செஃபக்ளோர் மருந்துகளுக்கும் ஒரே சங்கிலி. இந்த இரண்டு சங்கிலிகளும் மிக நெருங்கியவை என்பதால் இந்த மருந்துகள் எல்லாமே ஒரே கூட்டமாகவே கருதத்தக்கவை. பெனிசிலின் ஒவ்வாமை உறுதியானவர்களிடம் இவ்வகை செஃபலோஸ்போரினுக்கு எதிர்வினை வரும் வாய்ப்பு நூற்றுக்குச் சுமார் 16. சங்கிலி ஒத்துப்போகாதவற்றில் சுமார் 2. செஃபசோலினின் சங்கிலியோ எந்தப் பெனிசிலினோடும் ஒட்டாத தனி ரகம். பெனிசிலின் அலர்ஜி என்று சொல்பவர்களில் அதற்கு எதிர்வினை வருவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

இனி அந்தப் பெண்ணிடம் கேட்போம். எட்டு வயதில் தொண்டை வலிக்கு அமாக்சிசிலின் சிரப் குடித்தாராம். நான்காம் நாள் வயிற்றிலும் முதுகிலும் சிவப்புப் புள்ளிகள். மூச்சுத் திணறவில்லை, முகம் வீங்கவில்லை. அது வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பாகவே இருந்திருக்கலாம். உண்மையான உடனடி ஒவ்வாமையே இருந்திருந்தாலும், பத்து ஆண்டுகளில் பத்தில் எட்டுப் பேருக்கு அது மறைந்துவிடுகிறது. அவருக்குச் செஃபசோலின் தாராளமாகப் போடலாம். அமாக்சிசிலின் குடித்த சில நிமிடங்களில் மயங்கி விழுந்தவராக இருந்தாலும், செஃபசோலினைச் சோதனை இல்லாமலே தரலாம் என்றுதான் 2022-ன் அமெரிக்க ஒவ்வாமை மருத்துவர்களின் வழிகாட்டி சொல்கிறது. எந்த மருந்துக்கும் புதிதாக ஒவ்வாமை வரக்கூடும் என்பதால் அட்ரினலின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அது எல்லா நோயாளிக்கும் பொருந்தும்.

அப்படி மயங்கி விழுந்தவருக்கு உண்மையான ஆபத்து வேறிடத்தில் காத்திருக்கிறது: வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிக்கொடுக்கும் செஃபட்ராக்சில் அல்லது செஃபலெக்சின் மாத்திரை. அறுவை அரங்கில் எல்லோரும் பயந்த ஊசி அவருக்கு ஒத்துக்கொண்டிருக்கும். யாரும் யோசிக்காமல் தந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ஒரு விலக்கு மிக முக்கியம். தோல் கொப்பளித்து உரிந்தது, வாயிலும் கண்ணிலும் புண், கல்லீரலோ சிறுநீரகமோ பாதிப்பு, ரத்த அணுக்கள் சிதைவு என்று பெனிசிலினால் நேர்ந்திருந்தால் மேலே சொன்ன கணக்கு எதுவும் செல்லாது. அவர்களுக்கு ஒவ்வாமை நிபுணரைக் கேட்காமல் இந்தக் குடும்ப மருந்து எதுவும் தரக்கூடாது.

அறுவை முடிந்து அந்தப் பெண் வார்டுக்கு வந்ததும், சிவப்பு மைக்குக் கீழே புதிதாக எழுத வேண்டியது இவ்வளவுதான்: 'எட்டு வயதில் அமாக்சிசிலின் சிரப், நான்காம் நாள் தடிப்பு மட்டும், மூச்சுத் திணறல் இல்லை, தோல் உரியவில்லை. இன்று செஃபசோலின் 2 கிராம் கொடுக்கப்பட்டது, எதிர்வினை எதுவும் இல்லை. பெனிசிலின் ஒவ்வாமைச் சோதனைக்கு அனுப்பலாம்.'