ஞாயிறு இரவு எட்டு மணிக் கெடு

பழைய மென்பொருளில் இருக்கும் கணக்கு, சரக்கு, வாடிக்கையாளர் விவரம் எல்லாவற்றையும் ஒரே வார இறுதியில் புதியதற்கு மாற்றுவதைக் கணினித் துறையில் ‘கட்-ஓவர்’ என்பார்கள். இதற்குத் திட்டம் போடுகிறவர் வெள்ளிக்கிழமையிலிருந்து முன்னோக்கி எண்ணக் கூடாது. திங்கள் காலையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

ஒரு மொத்த வியாபார நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். திங்கள் காலை 8 மணிக்கு முதல் பில் போட்டாக வேண்டும். புதியது சரிவரவில்லை என்றால் கிளைகளையும் பில் இயந்திரங்களையும் வங்கி இணைப்பையும் பழையதற்குத் திருப்ப 5 மணி நேரம் பிடிக்கும் என்று ஒத்திகையில் தெரிந்திருக்கிறது. கணக்குப்படி அதிகாலை 3 மணி வரை அவகாசம் உண்டு. ஆனால் இரண்டு நாள் தூக்கம் கெட்டவர்கள் அந்நேரத்தில் எடுக்கும் முடிவு, ‘இன்னும் அரை மணி பார்ப்போம்’ என்பதாகத்தான் இருக்கும். அதனால் ஞாயிறு இரவு 8 மணிக்கே கெடு வைப்பது நல்லது. தொடர்வதா, திரும்புவதா என்று சொல்ல வேண்டியவர் யார் என்பதையும் முன்பே பெயர் போட்டு எழுதிவிட வேண்டும்.

வெள்ளி மாலை வேலை முடிந்ததும் பழையதைப் பூட்டிவிடுவார்கள். விவரங்களைப் பார்க்கலாம், புதிதாக எதையும் பதிய முடியாது. திரும்பிவர வேண்டியிருந்தால் இந்தத் தீண்டப்படாத பழைய தரவுதான் கைகொடுக்கும்.

சனிக்கிழமை தரவு ஏறியதும் முதல் சரிபார்ப்பு. வாடிக்கையாளர் எண்ணிக்கை இரு பக்கமும் ஒன்றாக இருப்பது போதாது. கழிக்க வேண்டிய தொகை கூட்டலாக ஏறியிருந்தாலும் எண்ணிக்கை மாறாது. வரவேண்டிய பாக்கியின் மொத்தத்தை ஒப்பிட்டால்தான் பிழை அகப்படும். ஞாயிறன்று ஊழியர்களே உட்கார்ந்து மாதிரி பில் போட்டுப் பார்ப்பார்கள்.

திங்களன்று நிலைமை வேறு. பத்து பில் விழுந்தபின் திரும்பினால், அவற்றைப் பழையதில் கையால் பதிந்துவிடலாம். பத்தாயிரம் விழுந்தபின் ‘ரோல்பேக்’ என்பது காகிதத்தில்தான் இருக்கும்.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரல் 20 முதல் 22 வரையான வார இறுதியில் சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. தரவு ஒழுங்காகவே போய்ச் சேர்ந்தது. சேவையைத் திறந்ததும்தான் சிக்கல். பலரால் கணக்குக்குள் நுழையவே முடியவில்லை. சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்தது. புதிய அமைப்பு இரண்டு தரவு மையங்களில் ஓட வேண்டியது. பாரம் தாங்குமா என்ற சோதனையோ ஒன்றில் மட்டுமே நடந்திருந்தது. தரவு வந்ததா என்று பார்த்தவர்கள், எல்லாரும் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா என்பதை முழுமையாகப் பார்க்கவில்லை. வங்கி சகஜ நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டு டிசம்பர் ஆகிவிட்டது. 2022 டிசம்பரில் கண்காணிப்பு அமைப்புகள் அதற்கு விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு.