ஆறு பைக், ரெண்டு விநாடி!

ஞாயிறு அதிகாலை. சென்னையிலிருந்து ஏலகிரிக்கு ஆறு நண்பர்கள், ஆறு பைக். பெட்ரோல் போட்டாயிற்று, காற்றும் பார்த்தாயிற்று. யார் முன்னால், யார் பின்னால் என்பதை மட்டும் பேசவில்லை. பல குரூப் ரைடுகளில் சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

வழி தெரிந்த நிதானமான ஆள் முதலில் போகட்டும். நன்றாக ஓட்டத் தெரிந்த இன்னொருவர் கடைசியில். புதிதாக ஓட்டுகிறவரைக் கடைசியில் விடவே கூடாது. முன்னால் 60-ல் போகிறவர் ஒரு லாரிக்காக வேகம் குறைத்து மீண்டும் எடுக்கும்போது, பின்னால் ஒவ்வொருவரும் கொஞ்சம் தாமதமாகத்தான் ஆக்ஸிலேட்டரைத் திருகுவார்கள். அத்தனை தாமதமும் சேர்ந்து கடைசி ஆள் தலையில் விழும். அவர் 80, 90-ல் விரட்ட வேண்டியிருக்கும். புதியவருக்கு இரண்டாவது இடமே சரி. லீடர் கண்ணாடியில் அவரைப் பார்த்தே வேகத்தை வைத்துக்கொள்ளலாம்.

நெடுஞ்சாலையில் ஜோடி போட்டு, பேசிக்கொண்டே போவது பார்க்க அழகுதான். திடீரென ஒரு பள்ளம் வந்தால் ஒதுங்க இடமிருக்காது. அதனால்தான் இந்த மாற்று வரிசை: ஒரே லேனில் லீடர் வலப்பக்கம், அடுத்தவர் இடப்பக்கம், மூன்றாமவர் மறுபடி வலப்பக்கம். பக்கவாட்டில் முன்னால் இருப்பவருக்கு ஒரு விநாடி, நேர் முன்னால் இருப்பவருக்கு இரண்டு விநாடி இடைவெளி. 60 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி என்பது சுமார் 33 மீட்டர். முன்னால் போகிற பைக் ஒரு கம்பத்தைத் தாண்டியதும் 'ஆயிரத்து ஒண்ணு, ஆயிரத்து ரெண்டு' என்று எண்ணுங்கள். முடிப்பதற்குள் நீங்களும் அந்தக் கம்பத்துக்கு வந்துவிட்டால், ஒட்டிப் போகிறீர்கள் என்று அர்த்தம். மழை என்றால் இன்னும் கூட்டுங்கள். நடுவில் கார் புகுந்தால் புகட்டும், அதை விட்டுப் பின்தங்குங்கள்.

வலது கை ஆக்ஸிலேட்டரில் இருப்பதால் சைகையெல்லாம் இடது கையில்தான். உள்ளங்கையைக் கீழே பார்த்து அசைத்தால், வேகம் குறை. இடப்பக்கப் பள்ளத்தை இடது கையால் காட்டலாம். வலப்பக்கம் இருந்தால் வலது காலை நீட்டிக் காட்டுவார்கள். டேங்க்கைத் தொட்டுக் காட்டினால் பெட்ரோல் வேண்டும். ஒரு விரலை உயர்த்தினால் ஒற்றை வரிசை. முன்னவர் காட்டியதைப் பின்னவரும் காட்ட வேண்டும்; இல்லையென்றால் ஆறாவது ஆளுக்குச் செய்தியே போகாது. பிரேக் பிடிக்கிற நேரத்தில் மட்டும் இரண்டு கையும் ஹேண்டில்பாரில்தான்.

டோல்கேட்டின் ஓரப்பாதை, ஊருக்குள் நெரிசல், ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள்... இங்கெல்லாம் அந்த ஒரு விரல் உயர வேண்டும். வளைவில் சாய்கிற பைக்குக்கு லேனின் முழு அகலமும் தேவை. ஒற்றை வரிசைக்கு வந்ததும் ஒவ்வொருவருக்கும் இடையில் முழு இரண்டு விநாடி விடுவது அவசியம். மேலே இருந்து பஸ் திரும்பும்போது அது நம் பக்கத்தையும் எடுத்துக்கொள்ளும். வளைவுக்கு முன்பே நின்று வழிவிடுவது நல்லது.

சரி, ஒருவர் பின்தங்கிவிட்டால்? திருப்பம் வருகிற இடத்தில், கண்ணாடியில் பின்னவர் தெரியும்வரை ஓரமாக நில்லுங்கள். அவர் தனக்குப் பின்னால் வருகிறவருக்காக நிற்பார். பஞ்சர் ஆனவரோடு கடைசி ஆள் நின்றுகொள்வார், போனில் சொல்லிவிடுவார். மற்றவர்கள் அடுத்த டீக்கடையில் காத்திருந்தால் போதும்.