வாய்க்கால் மட்டம்: ஏற்ற இறக்க முறையும் கணக்கிடுமுன் செய்யவேண்டிய சோதனையும்

குளத்துத் துருசிலிருந்து வயலுக்கு வாய்க்கால் வெட்டுவோர் நிலத்தின் சரிவைக் கண்ணால் மதித்து வெட்டுதல் பழைய வழக்கம். சரிவு நன்றாக உள்ள இடத்தில் அது பொய்ப்பதில்லை. ஆயின் வரண்ட வலயத்துச் சிறு குளங்களின் கீழ், 240 மீற்றர் தூரத்துக்கு நிலம் ஒரு முழத்தளவே தாழும் இடங்கள் பல. அத்தகைய நிலத்தில் பத்துச் சென்ரிமீற்றர் பிழைத்தாலும் நீர் வாய்க்காலில் நிற்குமேயன்றி வயலில் ஏறாது. காலபோகத்துக்கு முதற்றண்ணீர் திறக்கும் நாளிலேதான் அப்பிழை வெளிப்படும். அன்று வாய்க்காலைத் திரும்ப வெட்ட அவகாசம் இராது. ஆகவே இவ்விடங்களில் மட்டமானி கொண்டு மட்டமெடுத்தல் வேண்டும்.

மட்டமானியின் தொலைகாட்டியினூடே பார்க்கும் பார்வை எப்பக்கம் திரும்பினும் ஒரே கிடைமட்டத்தில் இருக்கும். அப்பார்வை மட்டக்கோலை வெட்டும் இடத்திலுள்ள எண்ணே வாசிப்பாகும். கோல் நிற்கும் நிலம் தாழ்ந்தால் வாசிப்புக் கூடும்; நிலம் உயர்ந்தால் வாசிப்புக் குறையும். புதிதாகப் பழகுவோர் இதனைத் தலைகீழாக எண்ணித் தடுமாறுவதுண்டு. முன் வாசிப்பிலிருந்து பின் வாசிப்பைக் கழிக்க வேண்டும். மீதி வந்தால் அது ஏற்றம். கழிக்க முடியாமற் போனால் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து வருவது இறக்கம். அடுத்தடுத்த இரு புள்ளிகளை இவ்வாறு ஒப்பிட்டுச் செல்வதாலேயே இதற்கு ஏற்ற இறக்க முறை எனப் பெயர் வந்தது.

மட்டமானியை ஓரிடத்தில் நிறுத்தியபின் எடுக்கும் முதல் வாசிப்புப் பின்னோக்கு எனப்படும். அவ்விடத்திலிருந்து எடுக்கும் கடைசி வாசிப்பு முன்னோக்கு. நடுவில் எடுப்பன எல்லாம் இடைநோக்குகள். மட்டமானியை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லுமுன் முன்னோக்கு எடுத்த புள்ளியிலேயே, கோலை அசைக்காது திருப்பிப் பிடித்து, புதிய இடத்திலிருந்து பின்னோக்கு எடுக்க வேண்டும். அப்புள்ளியே மாற்றுப்புள்ளி. அது ஒரு பாறையாகவோ ஆழ அறைந்த முளையாகவோ இருத்தல் வேண்டும். உழுத மண்ணில் கோல் அமிழ்ந்துவிட்டால் இரு வாசிப்புக்கும் ஒரே நிலம் இராது.

மட்டப் புத்தகத்தில் ஒரு புள்ளிக்கு ஒரு வரி. மாற்றுப்புள்ளிக்கும் ஒரே வரியே. அதில் முன்னோக்கும் பின்னோக்கும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவ்விரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று கழித்தல் ஆகாது. அவை இரு வேறு நிலையங்களிலிருந்து பார்த்தவை. முன்னோக்கை அதற்கு முந்திய வரியின் வாசிப்போடும், பின்னோக்கை அதற்கு அடுத்த வரியின் வாசிப்போடும் மாத்திரமே ஒப்பிடுக. பிழையாக எழுதிய எண்ணை அழிறப்பரால் அழிக்காமல், ஒரு கோடு கீறிவிட்டு அதன் மேலே சரியானதை எழுதுக. அடித்த எண்ணும் பின்னர் பிழை தேட உதவும்.

இனி ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். துருசின் தலைக்கல் நிலைக்குறியாகக் கொள்ளப்பட்டது. அதன் மட்டம் 30.000 மீற்றர் என வைத்துக்கொள்ளப்பட்டது. துருசின் வெளிவாய்த் தளத்திலிருந்து 60, 120, 180 மீற்றரில் முளைகள் அறையப்பட்டன. 240 மீற்றரில் வயலின் தலைப்பக்கம். வயல்வரை சென்றபின் அங்கேயே வேலையை நிறுத்திவிடாமல், வேறொரு கல்லை மாற்றுப்புள்ளியாகக் கொண்டு தலைக்கல்லுக்கே திரும்பி வந்து வாசிப்பை முடித்தனர். புறப்பட்ட புள்ளியிலேயே வந்து முடித்தலைச் சுற்று மூடுதல் என்பர். திரும்பும் வழியில் இடைநோக்கு எதுவும் வேண்டாம். ஆதலால் இதற்குச் செல்லும் நேரம் சிறிதே.

இங்கே கவனிக்க வேண்டியது யாதெனில், வீட்டுக்குச் சென்று மட்டங்களைக் கணிக்குமுன், முக்காலியை மடிக்கவும் முன், வயலிலேயே பின்னோக்குகளையும் முன்னோக்குகளையும் தனித்தனியே கூட்டிப் பார்த்தலாகும். புறப்பட்ட இடத்துக்கே வந்திருப்பதால் இரு கூட்டுத்தொகையும் சமமாதல் வேண்டும். எடுத்துக்காட்டில் பின்னோக்குகள் 0.865, 1.120, 1.655, 2.390, கூட்டு 6.030. முன்னோக்குகள் 2.265, 1.580, 1.190, 1.099, கூட்டு 6.134. வித்தியாசம் 0.104 மீற்றர். பத்துச் சென்ரிமீற்றருக்கு மேல்!

எவ்வளவு வித்தியாசம் பொறுக்கத்தக்கது? சாதாரண மட்டமெடுப்பில் ஒரு கிலோமீற்றர்ச் சுற்றுக்கு 12 மில்லிமீற்றர் வழக்கமான எல்லை. தூரம் குறையும்போது இவ்வெல்லை அதன் வர்க்கமூலத்துக்கேற்பக் குறையும். எனவே இவ்வரைக் கிலோமீற்றர்ச் சுற்றுக்கு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் வரும். நாலைந்து மில்லிமீற்றர் காற்றாலும் கோலின் சிறு சாய்வாலும் நேரக்கூடியது. 104 மில்லிமீற்றர் அவ்வாறு நேர்வதன்று. அது 100ஐ ஒட்டி வந்திருப்பதும் ஒரு குறிப்பாகும். கோலின் சிறு பிரிவை எண்ணிவிட்டுப் பத்துச் சென்ரிமீற்றர் எண்ணை ஒன்று கூட்டியோ குறைத்தோ எழுதும்போது இத்தகைய வித்தியாசம் வரும். கோல் மிக அருகில் நிற்கும்போது தொலைகாட்டியில் அதன் சிறு துண்டே தெரிவதால், இவ்வகைத் தவறு அங்கே எளிதில் நேரும்.

பிழை எந்த வரியில் உளது என்பதைக் கூட்டுத்தொகை சொல்லாது. 1.580 என்பதை 1.480 என மாற்றினால் கணக்குச் சரிவரும். ஆனால் வேறு மூன்று முன்னோக்குகளில் எதையும் அவ்வாறு குறைத்தாலும், ஏதேனும் ஒரு பின்னோக்கைக் கூட்டினாலும் கணக்குச் சரிவரும். ஊகித்துத் திருத்துதல் பிழையை மறைப்பதேயாகும். மட்டமானி இன்னும் நான்காம் நிலையத்தில் நின்றது. அதனால் தலைக்கல்லையும் திரும்பும் வழி மாற்றுக்கல்லையும் மீண்டும் வாசித்தனர். முன்னைய எண்களே வந்தன. அங்கிருந்தே போகும் வழியில் வைத்த முதல் மாற்றுக்கல்லும் தெரிந்தமையால் அதனையும் பார்த்தனர்: 2.498. தலைக்கல் 1.099 ஆதலின் இறக்கம் 1.399. முதல் நிலையத்திலிருந்து கண்ட இறக்கம், 2.265இலிருந்து 0.865ஐக் கழிக்க, 1.400. ஒரு மில்லிமீற்றரே வித்தியாசம். முதல் நிலையமும் சரி. எஞ்சியவை இரண்டாம், மூன்றாம் நிலையங்கள்.

பின்னர் இரண்டாம் நிலையத்தை வேறு உயரத்தில் நிறுத்தி எல்லாப் புள்ளிகளையும் புதிதாக வாசித்தனர். மாற்றுக்கல் 1.305, 120 மீற்றர் முளை 1.529, 180 மீற்றர் முளை 1.395, வயற்றலை 1.665. முன்னைய வாசிப்புகள் முறையே 1.120, 1.345, 1.210, 1.580. கல்லிலிருந்து முதன் முளைக்கு இறக்கம் முன்பு 0.225, இப்போது 0.224. அடுத்த முளைக்கு ஏற்றம் முன்பு 0.135, இப்போது 0.134. அங்கிருந்து வயற்றலைக்கு இறக்கம் முன்பு 0.370, இப்போது 0.270. பிழை வயற்றலை முன்னோக்கில் இருந்தமை இதனால் ஐயமற வெளிப்பட்டது. அந்நிலையத்துப் பழைய வரிகளை அடித்துவிட்டுப் புதியவற்றை எழுதியபின் புத்தகம் பின்வருமாறு நின்றது.

| புள்ளி | பின்னோக்கு | இடைநோக்கு | முன்னோக்கு | ஏற்றம் | இறக்கம் | மட்டம் |
|---|---|---|---|---|---|---|
| தலைக்கல் | 0.865 | | | | | 30.000 |
| வெளிவாய்த் தளம் | | 2.140 | | | 1.275 | 28.725 |
| 60 மீற்றர் | | 2.010 | | 0.130 | | 28.855 |
| மாற்றுக்கல் 1 | 1.305 | | 2.265 | | 0.255 | 28.600 |
| 120 மீற்றர் | | 1.529 | | | 0.224 | 28.376 |
| 180 மீற்றர் | | 1.395 | | 0.134 | | 28.510 |
| வயற்றலை, 240 மீற்றர் | 1.655 | | 1.665 | | 0.270 | 28.240 |
| மாற்றுக்கல் 2 | 2.390 | | 1.190 | 0.465 | | 28.705 |
| தலைக்கல் | | | 1.099 | 1.291 | | 29.996 |
| கூட்டு | 6.215 | | 6.219 | 2.020 | 2.024 | |

இப்போது பின்னோக்குக்கும் முன்னோக்குக்கும் வித்தியாசம் 4 மில்லிமீற்றர். இது எல்லைக்குள் அமைந்தமையாலேயே மட்ட நிரல் நிரப்பப்பட்டது. ஏற்றத்தை மேல்வரி மட்டத்தோடு கூட்டியும் இறக்கத்தைக் கழித்தும் வருவதே ஒடுக்கிய மட்டம் எனப்படுவது. வாய்க்கால் வேலைக்கு 4 மில்லிமீற்றரைப் பங்கிட்டுச் சரிசெய்யத் தேவையில்லை.

ஏற்றக் கூட்டுக்கும் இறக்கக் கூட்டுக்கும் உள்ள வித்தியாசமும், முதல் மட்டத்துக்கும் கடைசி மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமும் அதே 0.004 ஆகவே வருதல் வேண்டும். இங்கு மூன்றும் ஒத்தன. ஆயின் இவ்வொற்றுமை கூட்டல் கழித்தல் சரி என்பதையே காட்டும். பழைய 1.580ஐ வைத்துக் கணித்திருந்தாலும் மூன்று இடத்திலும் 0.104 என ஒத்தே வந்திருக்கும். வாசிப்பைச் சோதிப்பது சுற்று மூடுதல். கணக்கைச் சோதிப்பது இம்மூன்றின் ஒற்றுமை. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

சுற்று மூடுதலும் கண்டுபிடிக்காத பிழை ஒன்றுண்டு. 60 மீற்றர் முளையின் இடைநோக்கை 2.010க்குப் பதிலாக 2.110 என எழுதினால் அதற்கு முந்திய ஏற்றம் பத்துச் சென்ரிமீற்றர் குறையும். பிந்திய இறக்கமும் அவ்வளவே குறையும். இரண்டும் ஈடுசெய்து கொள்வதால் சுற்று அழகாக மூடும். அம்முளையின் மட்டம் மாத்திரம் பிழைபட்டு நிற்கும். எனவே இடைநோக்கு ஒவ்வொன்றையும் எழுதியபின் கண்ணைத் திரும்பத் தொலைகாட்டியில் வைத்து ஒருமுறை ஒப்பிடுதல் வேண்டும். கோலை முன்னும் பின்னும் மெல்ல அசைக்கச் சொல்லி, வரும் எண்களுள் மிகச் சிறியதை எடுத்தால் கோலின் சாய்வால் வரும் பிழையும் நீங்கும். பின்னோக்குக்கும் முன்னோக்குக்கும் தூரத்தைச் சமமாக வைத்தால், மட்டமானியின் பார்வை சற்றே சாய்ந்திருப்பினும் அச்சாய்வு இருபுறமும் ஈடாகும். இடைநோக்குகளுக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை.

இனி வாய்க்காலின் அடி. வயற்றலையின் மட்டம் 28.240. நீர் தானே வயலில் ஏறும்பொருட்டு அங்கு வாய்க்கால் அடி 5 சென்ரிமீற்றர் உயர, 28.290இல் வைக்கப்பட்டது. வெளிவாய்த் தளமாகிய 28.725இலிருந்து அதுவரை 0.435 மீற்றர் தாழ்வு. ஏறத்தாழ 550க்கு 1 சரிவு. பிழையான வாசிப்பின்படி வயற்றலை 28.140 என்றும் வாய்க்கால் அடி 28.190 என்றும் கொண்டிருப்பார்கள். வெட்டி முடிந்தபின் அவ்வடி வயலுக்கு 5 சென்ரிமீற்றர் கீழே கிடந்திருக்கும். நீரை மறித்துத் தேக்கினாலன்றி வயலுக்குப் பாயாது.

இச்சரிவின்படி 60 மீற்றரில் அடியின் மட்டம் 28.616, நிலமோ 28.855. அங்கு 24 சென்ரிமீற்றர் வெட்டவேண்டும். 180 மீற்றரில் 11 சென்ரிமீற்றர் வெட்டு. 120 மீற்றரில் நிலம் தாழ்ந்திருப்பதால் 13 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் களிமண் இட்டு, நனைத்து, அடித்து இறுக்கி, அதன்மேல் வாய்க்காலை எடுத்துச் செல்லவேண்டும். வெட்டும் ஆழத்தையும் நிரப்பும் உயரத்தையும் அந்தந்த முளையின் தலையில் எழுதிவிடுக. வெட்டு முடியும்வரை துருசின் தலைக்கல்லை எவரும் பெயர்க்காமற் பார்த்துக்கொள்க. முளையொன்று மண்வெட்டியில் பட்டுப் போனால் அதைத் திரும்ப வைக்க அக்கல்லிலிருந்தே தொடங்கவேண்டியிருக்கும்.