யோசிக்கும்போது ஜப்பானியர் சொல்லும் இரண்டு சொற்கள்

ஒருவர் கேட்ட கேள்விக்கு மற்றவர் பதில் சொல்லத் தொடங்க எவ்வளவு நேரமாகும்? பத்து மொழிகளின் இயல்பான உரையாடல்களை அளந்து, 2009-இல் ஒரு ஆய்வு வெளியானது. ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்விகளை எடுத்துப் பார்த்ததில், சராசரி இடைவெளி ஒரு நொடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அந்தப் பத்தில் மிக விரைவாகப் பதில் வந்த மொழி ஜப்பானியம். அங்கே சராசரி இடைவெளி கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்லவே நமக்கு அரை நொடிக்கு மேல் தேவைப்படுகிறது. அதனால், எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே நாம் பதிலைத் தயாரிக்க ஆரம்பித்துவிடுகிறோம். தயாராகாத நேரத்தில் வாயைத் திறக்காமல் இருந்தால், அந்த மௌனத்தைத் தயக்கமாகவோ மறுப்பாகவோ எடுத்துக்கொள்வார்கள். ‘பேச்சு என்னிடம்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்’ என்று தெரிவிக்க ஓர் ஒலி வேண்டும். தமிழில் ‘அது வந்து…’ என்று இழுப்பது இதற்குத்தான்.

ஜப்பானியத்தில் இந்த வேலையைச் செய்பவற்றில் அதிகம் கேட்பவை ‘ஏத்தோ’, ‘அனோ’ என்ற இரண்டு. புதிதாகக் கற்பவர்கள் இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணி மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். சதநோபு, தகுபோ என்ற இரு மொழியியலாளர்கள் 1995-இல் இவற்றுக்கு இடையிலான வேறுபாட்டை விளக்கினார்கள். பதினேழை நான்கால் பெருக்கினால் எவ்வளவு என்று கேட்டால், ஜப்பானியர் ‘ஏத்தோ… அறுபத்தெட்டு’ என்பார். அங்கே ‘அனோ’ போட்டால் காதுக்கு ஒட்டாது. கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்க்கும் வேலை அது. எதிரில் ஆள் இருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ‘அனோ’ அப்படியல்ல. என்ன சொல்ல வேண்டும் என்பது ஓரளவு தெரியும், அதை இவரிடம் எப்படிச் சொல்வது என்று சொல் தேடும்போது வருவது அது. வழியில் போகும் அந்நியரை நிறுத்தி விலாசம் கேட்க, ‘அனோ, சுமிமாசேன்’ என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆசிரியரிடம் விடுப்புக் கேட்கும்போதும் முதலில் வருவது அதுவே. கேட்கச் சங்கடமாக இருக்கிறது என்பதை அந்த இழுப்பே சொல்லிவிடும், கோரிக்கை மென்மையாகும். ஜப்பானியத்தில் மரியாதை வினைச்சொல்லின் வடிவத்தில் மட்டும் இல்லை, இந்தச் சின்ன ஒலியிலும் இருக்கிறது என்பதால்தான் இதைத் தொடக்கத்திலேயே கற்றுத்தர வேண்டும் என்கிறேன்.

எங்கே வைப்பது என்பதும் முக்கியம். ஜப்பானியப் பெயர்ச்சொல்லுக்குப் பின் ‘ஓ’, ‘நி’ போன்ற இடைச்சொற்கள் நம் வேற்றுமை உருபுகளைப் போல வருகின்றன. ‘மிஸு, அனோ, ஓ’ என்று நடுவில் செருகினால், ‘தண்ணீர்’ என்று நிறுத்திவிட்டு ‘ஐ’யைத் தனியாகச் சொன்னது போல ஒலிக்கும். வாக்கியத்தின் தொடக்கத்திலோ, ‘மிஸு ஓ’ என்று முடித்த பிறகோ வைக்கலாம். இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்து கேளுங்கள். பெயர்ச்சொல்லுக்கும் இடைச்சொல்லுக்கும் நடுவே அடிக்கடி நிற்கிறீர்கள் என்றால், அந்த இணைப்பு இன்னும் நாக்கில் பதியவில்லை. நிரப்புச் சொல்லைத் திருத்துவதை விட்டு, ‘மிஸு ஓ’வை ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள்.