மஞ்சள் எந்த இலையில்?

நிலக்கடலை இலை ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்து எடுத்த படம். இலை மஞ்சளாக இருக்கிறது, நரம்புகள் மட்டும் பச்சை. கீழே ஒரு வரி: "சார், இதுக்கு என்ன அடிக்கலாம்?" வேளாண் அலுவலர்களின் வாட்ஸ்அப்பில் பருவந்தோறும் வந்து விழும் படம் இது. அவர்களிடமிருந்து முதலில் வருவது பெரும்பாலும் மருந்தின் பெயர் அல்ல, எதிர்க்கேள்வி: "இது கொழுந்து இலையா, அடி இலையா?"

இந்தக் கேள்விக்குக் காரணம் செடிக்குள் இருக்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மக்னீசியம் ஆகியவற்றைச் செடியால் ஓர் இலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற முடியும். பற்றாக்குறை வந்தால் பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் இந்தச் சத்துகள் குறையும்போது முதலில் வெளுப்பது அடி இலை. இரும்பு அப்படியல்ல. ஓர் இலையில் போய்ச் சேர்ந்தால் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். மண்ணிலிருந்து புதிதாக வராவிட்டால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும்.

நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருப்பது இரும்புக் குறைவிலும் உண்டு, மக்னீசியக் குறைவிலும் உண்டு. ஒற்றை இலையின் படத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். கொழுந்தில் இருந்தால் இரும்பையும் அடி இலையில் இருந்தால் மக்னீசியத்தையும் சந்தேகிக்கலாம். அடி இலை நரம்போடு சேர்ந்து முழுக்க வெளிறியிருந்தால் தழைச்சத்தைப் பார்க்க வேண்டும்.

கடலைக் கொழுந்து வெளுப்பது சுண்ணாம்பு மிகுந்த காரமண்ணில் அடிக்கடி நடக்கும். அந்த மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. வேர் உறிஞ்ச முடியாதபடி கரையாமல் கிடக்கிறது. தண்ணீர் தேங்கினாலோ, அடுத்தடுத்துப் பாய்ச்சினாலோ வெளுப்பு கூடும். ஈரம் குறைந்ததும் சில வயல்களில் தானாகவே பச்சை திரும்பும். விஷயம் தெரியாமல் யூரியா போட்டால் பணம்தான் வீண். அன்னபேதியை மண்ணில் போட்டாலும் அதுவும் அங்கேயே முடங்கிவிடக்கூடும் என்பதால்தான் இலைவழித் தெளிப்பைச் சொல்கிறார்கள்.

தெளிப்பதற்கு முன் வயலிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் முதலில் 1 கிராம் எலுமிச்சை உப்பு, பிறகு 5 கிராம் அன்னபேதியைக் கரைக்க வேண்டும். கரைசல் தெளிவாக, லேசான பச்சை நிறத்தில் இருக்கும். பழுப்பாக மாறிவிட்டால் இரும்பு துருவாகிவிட்டது என்று பொருள். அதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரைக்க வேண்டும். வெளுத்த நாலைந்து செடிகளில் அடையாளம் கட்டி, கொழுந்து இலையின் ஒரு பாதியில் மட்டும் தூரிகையால் இந்தக் கரைசலைத் தடவ வேண்டும். சில நாட்களில் தடவிய பாதி பச்சையாகி மற்றப் பாதி மஞ்சளாகவே நின்றால் குறை இரும்புதான். அதன்பின் இதே அளவில் மாலை நேரத்தில் வயலுக்குத் தெளிக்கலாம். அடுத்து வரும் கொழுந்துக்கு இந்த இரும்பு போய்ச் சேராது என்பதால் சுமார் 10 நாள் இடைவெளியில் மறுபடியும் தெளிக்க வேண்டியிருக்கும்.

நரம்பே மஞ்சளாகி இடைப்பகுதி பச்சையாக இருந்தால் கதை வேறு. வெண்டையில் வலை பின்னியதுபோல நரம்புகள் மஞ்சளாகத் தெரிவது வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோய். இது வைரஸால் வருவது. எந்த நுண்ணூட்டம் தெளித்தாலும் அந்த இலை தேறாது. பாதித்த செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கிவிட்டு வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவதுதான் வழி.

ஊதா நிறத்திலும் அவசரம் ஆகாது. இளம் மக்காச்சோளத்தின் அடி இலை விளிம்பு ஊதாவானால் மணிச்சத்துக் குறைவு என்று நினைப்பது சரிதான். வளர்ச்சி தடைப்பட்டு இலையில் சர்க்கரை தேங்கும்போது அந்த நிறமி உருவாகிறது. ஆனால் மண் குளிர்ந்து கிடந்தாலோ, நீர் தேங்கி வேர் சுணங்கினாலோ மணிச்சத்து இருந்தும் செடியால் எடுக்க முடியாது. சில ரகங்களுக்கு இயல்பிலேயே ஊதாச் சாயல் உண்டு. ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்த்த பிறகே உரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

படமே ஏமாற்றுவதும் உண்டு. மாலை வெயிலில் பச்சை இலைகூட மஞ்சளாகத் தெரியும். கேமராவும் தன் போக்கில் நிறத்தைத் திருத்தும். செடி நிழலில் அடி இலையையும் கொழுந்தையும் ஒரு வெள்ளைத்தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுப்பது நல்லது. தாள் வெள்ளையாகத் தெரிந்தால் இலையின் நிறத்தையும் ஓரளவு நம்பலாம். முழுச் செடிக்கு ஒரு படம், இலையின் அடிப்புறத்துக்கு ஒன்று, பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்கிறதா, பரவலாக இருக்கிறதா என்று காட்ட வயலுக்கு ஒன்று. இவற்றோடு விதைத்த தேதி, கடைசியாகத் தண்ணீர் பாய்ச்சிய நாள், போட்ட உரம், அடித்த களைக்கொல்லி ஆகியவற்றையும் எழுதி அனுப்பினால் அலுவலர் திரும்பக் கேட்க வேண்டியவை பாதியாகக் குறையும்.