ஒரு வாளி மண்புழு, எட்டுத் தொட்டிக் காய்கறி

வீட்டில் மண்புழு உரம் தயாரிக்கத் தொடங்கும் பலர் இரண்டாம் வாரத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். வாளி நாறுகிறது, புழுக்கள் மூடியில் ஏறி நிற்கின்றன, சில நாளில் செத்தும் போகின்றன. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: நான்கு பேர் சமையலில் தினமும் விழும் காய்கறித் தோலையெல்லாம் அந்த ஒரே வாளி தின்று தீர்க்கும் என்று நம்பிக் கொட்டிவிடுகிறோம்.

ஒரு சின்னக் கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். நல்ல நிலையில் இருக்கும் புழு தன் எடையில் ஏறக்குறைய பாதியளவு உணவை ஒரு நாளில் உண்ணும். 20 லிட்டர் பெயின்ட் வாளியின் வாய் ஓரடி அகலம்தான் இருக்கும். அந்தப் பரப்பில் 100 முதல் 150 கிராம் புழு வசதியாக வாழலாம். ஆக, தினமும் அந்த வாளிக்குத் தேவை 50 முதல் 75 கிராம் உணவு, ஒரு கைப்பிடிதான். நான்கு பேர் வீட்டில் கழிவு அரைக் கிலோவைத் தொடும். மிச்சத்தைச் சாதாரண மக்குத் தொட்டியில் போட்டுக்கொள்ள வேண்டும். வாளி குப்பையை ஒழிக்கும் இடமாக இருக்க முடியாது. தொட்டிச் செடிகளுக்கு உரம் செய்யும் இடமாக இருக்கலாம்.

எந்தப் புழு?

தோட்டத்து மண்ணைத் தோண்டிக் கிடைக்கும் புழு எல்லாம் இதற்கு ஆகாது. மண்ணுக்குள் ஆழமாக வளை தோண்டி வாழும் புழுக்களுக்கு மண் வேண்டும். வாளியில் அவை நிலைக்காது. இலைக்குப்பைக்கும் சாணத்துக்கும் அடியில், மேற்பரப்பிலேயே வாழும் இனங்கள்தான் உரத்துக்கு உகந்தவை. தமிழ்நாட்டில் பரவலாக விற்பனைக்குக் கிடைப்பவை இரண்டு. ஒன்று ஐசீனியா ஃபெடிடா; சிவந்த உடலில் மஞ்சள் வரி தெரியும். மற்றொன்று யூட்ரிலஸ் யூஜீனியே. ஆப்பிரிக்கப் புழு என்று சொல்லி விற்பார்கள், அதைவிடப் பெரியது. நம் மண்ணிலேயே வாழும் பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸும் நன்றாக உரம் செய்யும். சென்னை புதுக்கல்லூரியில் பணியாற்றிய மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர்ப் புழுக்களையே பயன்படுத்தலாம் என்று நீண்ட காலமாக வலியுறுத்தி வருபவர். மண்புழு உரம் தயாரிக்கும் பண்ணைகளிலும் பல வேளாண் அறிவியல் நிலையங்களிலும் புழு கிடைக்கும். எண்ணிக் கேட்காமல் எடை சொல்லி வாங்குங்கள். 100 கிராம் போதும்.

வாளியைத் தயார் செய்தல்

நன்றாகக் கழுவிய வாளியின் அடியில் எட்டுப் பத்து துளைகள் போடுங்கள். மேல்விளிம்புக்குக் கீழே சுற்றிலும் ஒரு வரிசை சிறு துளைகள், மூடியிலும் சில துளைகள் வேண்டும். இரண்டு செங்கல் மேல் வாளியை வைத்து, வடியும் நீரைப் பிடிக்கக் கீழே ஒரு தட்டு வைத்துவிடலாம். வாளிக்குள் அடியில் இரண்டு அங்குல உயரத்துக்கு உடைந்த ஓடு அல்லது தேங்காய் மட்டைத் துண்டு போட்டால் தண்ணீர் தேங்காது.

அதன் மேல் புழுவின் படுக்கை. 15 முதல் 20 நாள் ஆறிய மாட்டுச் சாணமும், இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த கோகோபீட்டும் சரிபாதி கலந்து பாதி வாளிவரை நிரப்புங்கள். கோகோபீட்டைக் கழுவாவிட்டால் அதிலுள்ள உப்பு புழுவைக் கொன்றுவிடும். பச்சைச் சாணம் போட்டால் சூடேறும். கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடியும் கிளம்பும். மாட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்திருந்தால் அந்தச் சில வாரங்களின் சாணத்தைத் தவிர்ப்பது நல்லது; மருந்தின் எச்சம் மண்புழுவையும் பாதிக்கும்.

இந்தப் படுக்கையை ஒரு வாரம் அப்படியே விட்டுவிட்டுக் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இல்லையென்றால் புழுவை மேலே பரப்பலாம். வெளிச்சத்துக்கு அஞ்சி அவை சில நிமிடங்களில் உள்ளே இறங்கிவிடும். மேலே ஓர் ஈரச் சாக்குத் துண்டு, அதன் மேல் மூடி.

தோலை நேரே போடக்கூடாது

மண்புழுவுக்குப் பல் கிடையாது. நறுக்கிப் போட்ட வெண்டைக்காய்க் காம்பை அது கடித்துத் தின்பதில்லை. காம்பின் மேல் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளர்ந்து, அது இளகிக் குழைந்த பிறகே புழு அதை நுண்ணுயிரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. அந்த அழுகல் வாளிக்குள்ளேயே நடந்தால் சூடும் புளிப்பும் புழுவைத் தாக்கும். அதை வெளியே முடித்துவிடுவதுதான் வழி.

துளையிட்ட ஒரு சின்ன டப்பாவில் நறுக்கிய தோலும், அதே அளவு காய்ந்த இலைச் சருகும் அடுக்கிக் கொஞ்சம் சாணக் கரைசல் தெளித்து வையுங்கள். 10 முதல் 15 நாளில் அது சூடாகி, ஆறி, பழுப்பாகக் குழைந்துவிடும். அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வாளியின் ஒரு பக்கம் போட்டு, சாணப் படுக்கையால் மூடுங்கள். அது அடையாளம் தெரியாமல் போனபின் மறுபக்கம் போடுங்கள். முதல் இரண்டு வாரம் அரைக் கைப்பிடி போதும். பழைய உணவு அப்படியே கிடந்தால் புதிதாகப் போடாதீர்கள்.

உப்பு, எண்ணெய், மிளகாய் சேர்ந்த மிச்சக் குழம்பு, மீன், இறைச்சி, தயிர் எதுவும் வேண்டாம். எலுமிச்சைத் தோல், வெங்காயம், பூண்டு ஆகியவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். முட்டை ஓட்டைப் பொடித்து மாதம் ஒரு கரண்டி தூவினால் புளிப்பு தணியும்.

ஈரமும் சூடும்

புழு தோலால் சுவாசிக்கும் உயிரினம். தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். தண்ணீர் தேங்கினால் காற்று கிடைக்காது. படுக்கையில் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு விழுந்தால் ஈரம் சரி. ஒழுகினால் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

25 முதல் 30 டிகிரி வெப்பம் புழுவுக்கு ஏற்றது. 35-ஐத் தாண்டினால் ஆபத்து. சித்திரை வெயிலில் திறந்த மொட்டை மாடியில் வைத்த வாளி ஒரே மதியத்தில் வெந்துவிடும். மாடிப்படிக்கு அடியில், குளியலறை ஓரத்தில், வடக்குப் பார்த்த பால்கனியில் வையுங்கள்.

ஏதாவது தவறினால் புழுவே சொல்லிவிடும். மூடியிலும் சுவரிலும் கூட்டமாக ஏறினால் உள்ளே ஈரமோ புளிப்போ சூடோ மிகுந்துவிட்டது. உணவை நிறுத்தி, கிழித்த செய்தித்தாளும் சருகும் கலந்து, மூடியைத் திறந்து இரண்டு நாள் காற்றாட விடுங்கள். எறும்பு வந்தால் படுக்கை காய்ந்திருக்கிறது. ஈரம் தெளித்து, செங்கற்களைத் தண்ணீர்த் தட்டில் நிற்க வையுங்கள். நூல் போன்ற வெள்ளைப் புழுக்கள் ஏராளமாகத் தெரிந்தால் அவை குஞ்சு மண்புழுக்கள் என்று மகிழ வேண்டாம். புளிப்பு கூடியிருப்பதன் அறிகுறி அது. மண்புழுக் குஞ்சின் உடலுக்குள் மெல்லிய சிவப்புக் கோடு தெரியும்.

அறுவடை

45 முதல் 60 நாளில் மேற்பகுதி தேயிலைத் தூள் போலக் கறுத்து உதிரியாகும்; மழை பெய்த மண்ணின் வாசனை வரும். எடுப்பதற்கு மூன்று நான்கு நாள் முன்பே உணவையும் நீரையும் நிறுத்துங்கள். பிறகு ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் கூம்பாகக் கொட்டி, நேரடி வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். புழு கீழே இறங்கும். மேல் உரத்தை வழித்தெடுங்கள். கால் மணி நேரம் விட்டு மறுபடி வழித்தால், கடைசியில் அடியில் புழுக்கூட்டம் மட்டும் மிஞ்சும். உரத்தில் கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, எலுமிச்சை வடிவில் மஞ்சள் முட்டைக்கூடுகள் தெரிந்தால் பொறுக்கி வாளியில் திரும்பப் போடுங்கள். சுமார் மூன்று வாரத்தில் பொரியும். ஒவ்வொன்றிலிருந்தும் சில குஞ்சுகள் வரும்.

சலித்த உரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய மூன்று கிலோ தேறும். ஈரம் முழுக்கப் போகும்படி வெயிலில் காயவைத்தால் நுண்ணுயிர் அழிந்துவிடும். நிழலில் சாக்குப்பையில் வைத்துச் சில மாதங்களுக்குள் பயன்படுத்திவிடுங்கள்.

தொட்டிக்கு எவ்வளவு?

இது உரம்தானே, அதிகம் போட்டால் நல்லதுதானே என்று நினைக்கக்கூடாது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளைவ் எட்வர்ட்ஸ் குழு தொட்டிச் செடிகளில் செய்த சோதனைகளில், மண்புழு உரம் கலவையில் சுமார் 10 முதல் 40 சதவீதம்வரை இருக்கும்போது செடி நன்றாக வளர்ந்தது. அதற்கு மேல் கூட்டியதில் பலன் கூடவில்லை, குறையவும் செய்தது. உரத்திலுள்ள உப்புகள் மிகுவதும் வேர்க்குக் காற்று குறைவதும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

தக்காளிக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். ஒரடி ஆழ குரோ பேக்கில் செம்மண் இரண்டு பங்கு, கோகோபீட் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு கலந்து நாற்றை நடுங்கள். முதல் 20 நாளுக்கு வேறு எதுவும் வேண்டாம். பிறகு 15 நாளுக்கு ஒருமுறை, 100 கிராம் உரத்தைத் தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி வட்டமாகத் தூவி, மேல்மண்ணைக் கிளறி மூடி நீர் விடுங்கள். கீரைத் தொட்டிக்கு அறுப்புக்கு அறுப்பு ஒரு கைப்பிடி போதும். ஒரு சுற்றின் மூன்று கிலோ, இப்படி மேலுரமாக மட்டும் இட்டால், இரண்டு மாதத்துக்கு எட்டுத் தொட்டிவரை தாங்கும்.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இதில் தழைச்சத்து ஒன்றரை சதவீதம் அளவில்தான் இருக்கும்; அதுவும் மெல்லத்தான் கிடைக்கும். காய்த்துக்கொண்டே இருக்கும் தக்காளிக்கும் கத்தரிக்கும் இது மட்டும் போதாது. கீழ் இலைகள் வெளிறினால் கடலைப் பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீரில் கரைத்து, வாரம் ஒருமுறை விடலாம். உரத்தோடு வந்த புழுவைத் தொட்டியில் விட்டு வளர்க்கலாம் என்று எண்ண வேண்டாம். அங்கே அதற்கு உணவு கிடையாது, கோடையில் சூடும் தாங்காது. தொட்டியில் திடீரென்று தக்காளி, பூசணி நாற்றுகள் முளைத்தால் வியக்க வேண்டாம். வாளியில் சூடேறாததால் கழிவிலிருந்த விதைகள் சாவதில்லை, வேண்டாதவற்றைப் பிடுங்கிவிடுங்கள்.

அடித்தட்டில் சேரும் கறுப்பு நீரை நேரே ஊற்றாதீர்கள். ஈரம் மிகுந்த வாளியின் கசிவு அது. பத்து மடங்கு நீர் கலந்து மண்ணுக்கு மட்டும் விடுங்கள்; கீரை இலைமேல் தெளிக்க வேண்டாம். தட்டு தினமும் நிறைந்தால் தண்ணீர் தெளிப்பதைக் குறைக்க வேண்டும் என்று பொருள்.

தொடங்க நினைப்பவர்கள் கோடையைத் தவிர்த்து, மழையடித்துக் குளிர்ந்த கார்த்திகையில் வாளியை வையுங்கள். தைப்பட்டத்துக்கு நாற்று நடும்போது முதல் உரம் கையில் இருக்கும், புழுவும் பெருகியிருக்கும். அதில் பாதியைப் பிரித்து இரண்டாவது வாளியைத் தொடங்குங்கள்.