கழித்த பின் வரும் சராசரி

கூத்தாநல்லூரில் ஒரு மேல்நிலைப் பள்ளி. பதினோராம் வகுப்பில் பருவமொன்றுக்குப் பத்து மதிப்பெண்ணுக்கான ஐந்து சிறுதேர்வுகள் நடைபெறுகின்றன எனக் கொள்வோம். ஒரு மாணவி 8, 7, 9, 2, 8 பெறுகிறாள். அவளருகில் அமர்ந்திருக்கும் மற்றொருத்தி 7, 7, 7, 7, 6 பெறுகிறாள். இருவரின் கூடுதலும் 34, சராசரி 6.8. மதிப்பெண் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் இருவரும் சமம்.

இப்போது ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் மிகக் குறைந்த ஒரு மதிப்பெண்ணை நீக்கிவிட்டு, எஞ்சிய நான்கிற்கு மட்டும் சராசரி காண்கிறார். முதல் மாணவிக்கு 32ஐ நான்கால் வகுக்க 8 கிடைக்கிறது. இரண்டாமவளுக்கு 28ஐ நான்கால் வகுக்க 7. விதி இருவருக்கும் ஒன்றே. பயனோ ஒருத்திக்கு 1.2, மற்றவளுக்கு 0.2. பழைய சராசரிக்கும் நீக்கிய மதிப்பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டை, எஞ்சிய தேர்வுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் இவ்வுயர்வு கிடைக்கும். முதல் மாணவிக்கு 6.8இலிருந்து 2ஐக் கழிக்க 4.8; அதனை நான்கால் வகுக்க 1.2. ஆகவே, ஏற்ற இறக்கம் மிகுந்தவருக்கே இம்முறை அதிகம் தருகிறது. சீராக எழுதியவருக்குத் தருவது சிறிதே.

இது நியாயமா என்பது அந்த 2 எவ்வாறு வந்தது என்பதைப் பொறுத்தது. கார்த்திகை மழையில் காய்ச்சலுற்று, எழுத முடியாமல் எழுதிய தாளாயின், அந்த 2 அவளது அறிவின் அளவன்று, காய்ச்சலின் அளவு. அதை நீக்குவதே முறை. ஆனால் அந்தச் சிறுதேர்வு ஒரு குறிப்பிட்ட பாடத்திலிருந்து வைக்கப்பட்டு, அப்பாடத்தை அவள் படிக்கவேயில்லை எனில், நீக்கப்படுவது தற்செயலான சறுக்கல் அன்று. அறியாமை பற்றிய ஒரே சான்று. காரணம் எதுவாயினும் கணக்கிற்கு 2 என்பது 2தான். விடைத்தாளைத் திருத்தியவர் மட்டுமே வேறுபாட்டை உணர முடியும். காய்ச்சலுற்றவளின் தாளில் விடைகள் பாதியில் நின்றிருக்கும். படிக்காதவளின் தாளில் விடைகள் தவறாக இருக்கும்.

வராதவருக்குச் சுழியம் இடும் வழக்கமும் இங்கே குறுக்கிடுகிறது. ஒருநாள் வராதவரின் சுழியம், நீக்கத்திற்கென இருந்த ஒரே இடத்தையும் எடுத்துக்கொள்ளும். அதன்பின் அவர் ஒருமுறை சறுக்கினாலும் அது கணக்கில் நிற்கும். நாள்தோறும் வந்தவருக்கு இவ்விடர் இல்லை.

எல்லாத் தேர்வுகளுக்கும் மொத்த மதிப்பெண் ஒன்றாக இல்லாதபோது எதை நீக்குவது என்பதே குழப்பமாகிவிடும். ஒருவர் 20க்கு 18, 50க்கு 24, 10க்கு 4 பெற்றிருக்கிறார். விழுக்காட்டில் இவை 90, 48, 40. மிகக் குறைந்தது 40 என்பதால் மூன்றாவதை நீக்கினால், 70க்கு 42 எஞ்சும். அது 60 விழுக்காடு. மாறாக, 48 விழுக்காடு பெற்ற இரண்டாவதை நீக்கினால், 30க்கு 22. அது 73 விழுக்காட்டிற்கும் மேல். கூடுதலைக் கொண்டு கணக்கிடும்போது, சிறிய தேர்வின் தாழ்வைவிடப் பெரிய தேர்வின் தாழ்வே அதிகம் இழுக்கிறது. ஆகவே ஆசிரியர் முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவிற்கு மாற்றிக்கொள்கிறாரா, இல்லையா என்பதைத் தேர்வுகள் தொடங்குமுன்னரே சொல்லிவிட வேண்டும். மதிப்பெண் வந்தபின் விதி வகுத்தால், அது யாரோ ஒருவருக்காக வகுத்ததாகவே தோன்றும்.

தமிழ்நாட்டில் இம்முறை ஒருமுறை மாநிலம் முழுவதற்கும் பயன்பட்டது. கொரோனா பெருந்தொற்றால் 2021இல் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டபோது, மதிப்பெண்ணில் 50 விழுக்காடு பத்தாம் வகுப்பிலிருந்தும், 20 விழுக்காடு பதினோராம் வகுப்பிலிருந்தும், 30 விழுக்காடு பன்னிரண்டாம் வகுப்பின் செய்முறை, அகமதிப்பீட்டிலிருந்தும் எடுக்கப்பட்டன. பத்தாம் வகுப்பிற்கு ஐந்து பாடங்களில் உயர்ந்த மூன்றின் சராசரியே கொள்ளப்பட்டது.

பத்தாம் வகுப்பில் தமிழில் 92, ஆங்கிலத்தில் 70, கணிதத்தில் 61, அறிவியலில் 85, சமூக அறிவியலில் 90 பெற்ற ஒரு மாணவரை எண்ணிப் பார்ப்போம். ஐந்தின் சராசரி 79.6, உயர்ந்த மூன்றின் சராசரி 89. அதில் பாதியாகிய 44.5, அவருடைய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணில் சேரும். ஐந்தையும் கொண்டிருந்தால் 39.8தான் சேர்ந்திருக்கும். பொறியியல் சேர்க்கை போன்ற இடங்களில் இந்த 4.7 வேறுபாடு சிறிதன்று. அவருடைய கணித மதிப்பெண்ணிலும் இதே 44.5 சேர்ந்தது, அதில் தமிழும் சமூக அறிவியலும் இருந்தன, பத்தாம் வகுப்புக் கணிதம் இல்லை. தொற்றுக்காலத்தில் யாரையும் பழைய சறுக்கலால் தண்டிக்கக் கூடாது என்ற எண்ணத்திற்கு இது பொருந்தியது. ஒருவருக்குக் கணிதம் எவ்வளவு வரும் என்று அறிய விரும்பியவர், பதினோராம் வகுப்பின் 20 விழுக்காட்டையும் பன்னிரண்டாம் வகுப்பின் 30 விழுக்காட்டையுமே நம்ப வேண்டியிருந்தது.